இரவுப் படத்தில் வரும் பச்சைப் புள்ளி: காசிமேட்டில் வைத்துப் பார்க்கலாம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை விடியலுக்கு முன் படம் எடுத்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். படகு, கம்பத்து விளக்கு, ஏலம் போடும் கூட்டம் எல்லாம் சரியாக வந்திருக்கும். ஆனால் கறுப்பு வானத்திலோ படகின் இருண்ட பக்கத்திலோ ஒரு பச்சைப் புள்ளி தொங்கிக்கொண்டிருக்கும். சிலருக்குப் புள்ளி வராமல் படம் முழுக்கப் பால் தெளித்தாற்போல ஒரு வெளுப்பு வரும். வேறு சிலருக்கு ஒவ்வொரு விளக்கிலிருந்தும் நீளமாக ஒரு கோடு இழுத்திருக்கும். மூன்றையும் சேர்த்து "ஃபிளேர்" என்று சொல்லிவிடுகிறோம். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அதனால் முதல் வேலை எது எது என்று பிரித்துப் பார்ப்பது. லென்ஸ் மாற்றுவதைப் பற்றி யோசிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: எந்த வகை என்று பாருங்கள்

புள்ளியிலிருந்து தொடங்கலாம். படத்தை வெட்டாமல், எடுத்தபடியே முழுதாகத் திறந்துகொள்ளுங்கள். விளக்கிலிருந்து படத்தின் நட்டநடு வழியாக ஒரு கோடு போவதாக நினைத்துக்கொண்டு, நடுவைத் தாண்டி அதே தூரம் மறுபக்கம் போங்கள். விளக்கு மேலே வலது மூலையில் இருந்தால் நீங்கள் வந்து நிற்கும் இடம் கீழே இடது மூலை. புள்ளி சரியாக அங்கே இருந்தால் அது கோஸ்ட், அதாவது கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிய ஒளி போடும் விளக்கின் போலி உருவம். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகைக் கோஸ்ட். வெட்டிய படத்தில் இந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் நடுவே இடம் மாறிப்போயிருக்கும்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுலபம். மொபைலைப் பிடித்தபடியே மெதுவாகத் திருப்புங்கள். திரையில் விளக்கு இடது பக்கம் நகரும்போது புள்ளி வலது பக்கம் ஓடினால் அதே வகைதான். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே புள்ளி திரையில் தெரியும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

கிடைத்த புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கு எல்.ஈ.டி. கம்ப விளக்காக இருந்தால், அசல் விளக்கு வெறும் வெள்ளைக் குழப்பமாக எரிந்துபோயிருக்கும். கோஸ்டிலோ விளக்குக்குள் வரிசை வரிசையாக இருக்கும் எல்.ஈ.டி. புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும், தலைகீழாக. வெளிச்சம் பல நூறு மடங்கு குறைந்திருப்பதால்தான் அந்த விவரம் பிழைத்தது. விளக்கின் உண்மையான உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோஸ்டைத்தான் பார்க்க வேண்டும்!

நடுவழியாகப் போகும் கோட்டின் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வட்டங்களோ பல கோணத் துண்டுகளோ, பெரிதும் சிறிதுமாக, நிறம் நிறமாக வரிசையாக வந்திருந்தால் அவை லென்ஸுக்கு உள்ளே இருக்கும் வளைந்த கண்ணாடிகளுக்கு இடையே பிறந்தவை. இதுவும் கோஸ்ட்தான், வேறு வகை. ஐங்கோணமாகவோ அறுகோணமாகவோ வந்தால் அது அப்பர்ச்சரின், அதாவது லென்ஸுக்குள் ஒளியை விடும் துளையின் உருவம்.

அடுத்தது வெளுப்பு. விளக்கைச் சுற்றி வளையமாகவும், பக்கத்தில் இருக்கும் கறுப்பையெல்லாம் சாம்பலாக்கியும் வரும். இங்கே வடசென்னைக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். எண்ணூர், மணலி பக்கம் காற்றிலேயே தூசியும் ஈரமும் கலந்து நிற்கும். அந்தக் காற்றே விளக்கைச் சுற்றி ஒரு வளையம் போடும். அது லென்ஸின் தவறு இல்லை. எது காற்று, எது லென்ஸ் என்று கண்டுபிடிக்க, ஒரு கம்பத்துக்கோ படகின் பாய்மரத்துக்கோ பின்னால் நகர்ந்து நின்று விளக்கை மட்டும் மறையுங்கள். விளக்கு மறைந்த பிறகும் கம்பத்தின் இருபுறமும் ஒளிவளையம் நின்றால் அது காற்றில் இருக்கிறது. விளக்கு மறைந்ததும் வளையமும் போய்விட்டால் அது உங்கள் கண்ணாடியில் இருக்கிறது.

மூன்றாவது, கோடு. மொபைலில் விளக்கிலிருந்து ஒரே திசையில் நீளக் கோடு வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் விரல் எண்ணெய்தான். கண்ணாடியில் எண்ணெய் எந்தத் திசையில் தேய்க்கப்பட்டிருக்கிறதோ அதற்குக் குறுக்காகக் கோடு விழும். நீங்கள் இடமிருந்து வலமாகத் துடைத்திருந்தால் படத்தில் கோடு மேலும் கீழுமாக நிற்கும். நம்பிக்கை வரவில்லை என்றால் வேறு திசையில் ஒரு முறை துடைத்துப் பாருங்கள், கோடும் கூடவே திரும்பும். கேமராவில் அப்பர்ச்சரைச் சுருக்கினால் விளக்கைச் சுற்றி வரும் நட்சத்திரக் கதிர்கள் வேறு சங்கதி. அவை அப்பர்ச்சர் இதழ்களின் விளிம்பில் ஒளி வளைவதால் வருபவை. இரட்டைப்படை இதழ் இருந்தால் அத்தனை கதிர், ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடியில் பூசும் எந்தக் கோட்டிங்கும் இதைக் குறைக்காது.

இரண்டாம் படி: துடையுங்கள், ஆனால் சட்டையால் வேண்டாம்

கடற்கரையில் சிறிது நேரம் நின்றாலே லென்ஸின் முன் கண்ணாடியில் உப்புப் பிசுபிசுப்பு படியும். காய்ந்த உப்பு என்பது துகள். அதை அப்படியே துணியால் அழுத்தித் தேய்த்தால் கோட்டிங்கில் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். அப்புறம் லென்ஸ் துடைக்கும் காகிதத்தில் இரண்டு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு (கண்ணாடியில் நேராக விடாதீர்கள், ஓரத்தில் இறங்கிவிடும்) நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். கடைசியில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. மொபைலுக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லை. லேசாக ஈரமான சுத்தமான பருத்தித் துணி, அதன் பிறகு உலர்ந்த துணி, போதும். சட்டை நுனியில் வியர்வையும் எண்ணெயும் இருக்கும். அதனால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர போகாது.

ஏ.சி. காரில் வந்து இறங்கியதும் எல்லா விளக்கும் பூசணிப் பூ மாதிரி மங்கலாகத் தெரிந்தால் அது பனி பூத்த கண்ணாடி. துடைத்தால் மறுபடியும் பூக்கும். பையைத் திறந்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்ததும் தானாகப் போய்விடும்.

துடைத்தால் அழுக்கால் வந்த வெளுப்பும் கோடும் போய்விடும். புள்ளி போகாது. மேலே சொன்ன வேலைகளையெல்லாம் செய்துவிட்டு, "இன்னமும் அதே பச்சைப் புள்ளி" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்காகத்தான் மீதிக் கட்டுரை.

மூன்றாம் படி: முன்னால் இருக்கும் தட்டைக் கண்ணாடியைக் கழற்றுங்கள்

ராயபுரத்துத் தம்பி ஒருவர் 50 மி.மீ. லென்ஸோடு காசிமேட்டில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். கரையோரம் நெருக்கமாகக் கட்டிய படகுகள், வலது மேல் மூலையில் கம்ப விளக்கு, இடது கீழ் மூலையில் படகின் கறுப்புப் பக்கத்தில் தலைகீழாக இன்னொரு விளக்கு.

"அண்ணா, லென்ஸ் போயிடுச்சா? புதுசு வாங்கணுமா?"

"லென்ஸ் நல்லாத்தாம்பா இருக்கு. முன்னாடி என்ன மாட்டியிருக்கே?"

"யூ.வி. ஃபில்டர்ணா. லென்ஸ் வாங்கும்போதே கடைல போட்டுக் குடுத்தாங்க."

"அதைக் கழட்டிட்டு, அதே இடத்துல நின்னு இன்னொன்னு எடு."

எடுத்தார். தலைகீழ் விளக்கு காணாமல் போயிருந்தது. லென்ஸ் அதே லென்ஸ், ISO 1600, f/4, 1/30 என்ற அளவுகளும் அதேதான்.

நடந்தது இதுதான். விளக்கின் ஒளி லென்ஸ் வழியாக வந்து சென்சாரில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. சென்சாரும் அதன் மேலிருக்கும் கண்ணாடியும் பளபளப்பானவை, அந்த ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. குவிந்த இடத்திலிருந்து கிளம்பிய ஒளி லென்ஸ் வழியாகப் பின்னோக்கிப் போகும்போது மறுபடியும் இணைக்கற்றையாகி வெளியே வருகிறது. அங்கே தட்டையான ஃபில்டர் நிற்கிறது. தட்டைக் கண்ணாடி இணைக்கற்றையை இணைக்கற்றையாகவே திருப்பி அனுப்பும், ஆனால் சாய்வு மட்டும் எதிர்ப்பக்கமாக மாறியிருக்கும். அந்தக் கற்றை மறுபடியும் லென்ஸுக்குள் நுழைந்து சென்சாரில் கூர்மையாகக் குவிகிறது, இந்த முறை நடுவுக்கு மறுபக்கத்தில். புள்ளி எதிர்மூலையில் விழுவதும், தலைகீழாக இருப்பதும், கூர்மையாக இருப்பதும் இந்த ஒரு காரணத்தால்தான். வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி இப்படிக் குவியாது, பரவிப் பெரிய வட்டமாகி மங்கிவிடும்.

மொபைலிலும் இதே கதைதான். கேமராவுக்கு மேலே ஒரு தட்டைக் கண்ணாடி கம்பெனியிலேயே வைத்திருக்கிறார்கள், அதைக் கழற்ற முடியாது. ஆனால் அதற்கு மேலே நாம் ஒட்டிக்கொள்ளும் "கேமரா கார்டு" கண்ணாடியைக் கழற்ற முடியும். பெரும்பாலான மலிவான கார்டுகளில் பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் எதுவும் இருக்காது. பசை ஓரத்தில் தூசியும் உட்கார்ந்துகொள்ளும். இரவுப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர் முதலில் இதைப் பிய்த்து எறியலாம் என்பது என் கட்சி. கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அதற்கு மொபைலின் பின்உறையில் கேமராவைச் சுற்றி உயரமான விளிம்பு உள்ளதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டிங் எவ்வளவு வித்தியாசம் செய்யும்

சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பிவிடும். கோஸ்ட் உருவாக ஒளி இரண்டு முறை திரும்ப வேண்டும். அதாவது 4 சதவீதத்தில் 4 சதவீதம், 0.16 சதவீதம். விளக்கின் வெளிச்சத்தில் 625-இல் ஒரு பங்கு. பகலில் இது கண்ணில் படாது. இரவில் கம்ப விளக்குக்கும் படகின் இருண்ட பக்கத்துக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் பல்லாயிரம் மடங்கு இருக்கும். அப்போது 625-இல் ஒரு பங்கு என்பது இருட்டின் மேல் தெளிவாகத் தெரியும் ஒரு விளக்கு.

நல்ல பல அடுக்குக் கோட்டிங் இருந்தால் ஒரு பரப்பு திருப்பிவிடும் ஒளி அரை சதவீதமோ அதற்கும் குறைவோ ஆகிவிடும். இரண்டு பரப்பிலும் அரை சதவீதம் என்றால் கோஸ்டின் வெளிச்சம் 40,000-இல் ஒரு பங்கு. 4 சதவீதம் அரை சதவீதமாக இறங்கியது எட்டு மடங்குதான், ஆனால் இரண்டு முறை திரும்புவதால் கோஸ்ட் 64 மடங்கு மங்கிப்போகிறது. கோட்டிங்கின் முழுப் பலனும் இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது.

இந்த அடுக்கு எவ்வளவு கனம் தெரியுமா? பழைய ஒற்றை அடுக்குக் கோட்டிங்கில் மெக்னீசியம் ஃபுளோரைடு என்ற பொருளை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவிடுவார்கள், சுமார் 100 நானோமீட்டர் கனத்துக்கு. தலைமுடியின் கனத்தில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அடுக்குக்குள் பச்சை ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்படி வைப்பார்கள். அடுக்கின் மேல்பரப்பில் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். 4 சதவீதம் ஒன்றேகாலாகக் குறைந்துவிடும். பச்சைக்காகச் செய்ததால் சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிச்சமாகத் திரும்பும், அதனால்தான் பழைய லென்ஸ்கள் ஊதாவாக மின்னும். இந்த முறைக்கு ஜெர்மனியில் ஜைஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மகூலா 1935-இல் காப்புரிமை பதிவு செய்தார். பல அடுக்குகள் போட்டு எல்லா நிறங்களையும் சேர்த்து அடக்குவது 1970-களில் கேமரா லென்ஸ்களில் பரவியது. பல அடுக்கிலும் எதாவது ஒரு நிறம் மிச்சமிருக்கும், பெரும்பாலும் பச்சையோ ஊதாவோ. கோஸ்ட் அந்த நிறத்தில் வருவதற்கும் அதுவே காரணம்.

கோட்டிங் இல்லாவிட்டால் நிறையக் கண்ணாடிகள் கொண்ட இன்றைய ஜூம் லென்ஸ் உருப்படாது. 15 தனித்தனிக் கண்ணாடிகள் என்றால் காற்றோடு தொடும் பரப்புகள் 30. ஒவ்வொன்றும் 4 சதவீதம் திருப்பிவிட்டால் கடைசியில் சென்சாருக்கு வந்து சேருவது 30 சதவீதத்துக்கும் குறைவான ஒளி. அரை சதவீதம் என்றால் 86 சதவீதம் வந்து சேரும். அந்த 30 பரப்புகளில் இரண்டிரண்டாக எடுத்தால் 435 ஜோடிகள், அத்தனை ஜோடியும் ஒரு கோஸ்டுக்கு வழி. 7 கண்ணாடி லென்ஸில் 14 பரப்பு, 91 ஜோடிதான். இரண்டு கண்ணாடிகளைப் பசையால் ஒட்டியிருந்தால் கணக்கு இன்னும் குறையும். விளக்கு நிறைந்த இரவுக் காட்சிக்கு ஜூமைவிட எளிமையான 50 மி.மீ. லென்ஸ் பல சமயம் சுத்தமாக எடுப்பது இதனால்தான், விலை குறைவாக இருந்தாலும்.

கண்ணாடியின் தரம் என்பது வேறு கணக்கு

கடையில் "இது உசத்தி கண்ணாடி, ஃபிளேரே வராது" என்பார்கள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கண்ணாடியின் தரம் என்றால் உள்ளே குமிழியோ கோடோ இல்லாமல் ஒரே சீராக இருப்பது, மேல்பரப்பு நன்றாக மெருகேறியிருப்பது, நிறங்களைக் குறைவாகப் பிரிப்பது. விளக்கு ஓரத்தில் ஊதா விளிம்பு வருகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது இந்தக் கடைசிக் குணம். 'ED' என்று லென்ஸில் எழுதியிருப்பது அதற்காகத்தான், அதைப் பார்த்து கோஸ்ட் வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சொல்லப்போனால் ஒளியை அதிகம் வளைக்கும் விலையுயர்ந்த கண்ணாடி, கோட்டிங் இல்லாவிட்டால், சாதாரணக் கண்ணாடியைவிட மோசம். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடி 4 சதவீதம் திருப்பினால், 1.8 உள்ளது 8 சதவீதம் திருப்பும். கண்ணாடி உயர உயர கோட்டிங்கும் உயர்ந்தே ஆக வேண்டும். மொபைல் லென்ஸ்களில் பெரும்பாலும் கண்ணாடியே கிடையாது, ஆறு ஏழு பிளாஸ்டிக் லென்ஸ்கள் அடுக்கப்பட்டிருக்கும். அதிலும் கோட்டிங் போடுகிறார்கள். பிளாஸ்டிக் என்பதால் மட்டும் கோஸ்ட் வருகிறது என்று நினைக்க வேண்டாம்.

வெளுப்பில் மட்டும் கட்டுமானத்தின் தரம் நேரடியாக வந்து நிற்கும். லென்ஸ்களின் ஓரத்துக்குக் கறுப்புப் பூசியிருக்கிறார்களா, குழாயின் உள்பக்கம் பளபளக்காமல் மட்டாக இருக்கிறதா என்பதெல்லாம் இதில் சேரும். மலிவான லென்ஸ்களில் முதலில் கைவைப்பது இந்த இடங்களில்தான்.

நான்காம் படி: நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

மொபைலில் இருக்கும் தட்டைக் கண்ணாடியைக் கழற்ற முடியாது என்றேன். அப்போது புள்ளியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் வேலை. எதிர்மூலையில்தான் விழும் என்று தெரிந்துவிட்டதால் இது கஷ்டமில்லை. காசிமேட்டில் கம்ப விளக்கு மேலே வலதுபுறம் இருந்தால், கீழே இடதுபுறத்தில் படகின் கறுப்புப் பக்கம் வராமல் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியோ நொறுக்கிய ஐஸ் குவியலோ வரும்படி இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். வெளிச்சமான இடத்தில் விழும் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சமான இடம் எதுவும் இல்லையென்றால் விளக்கைப் பாய்மரத்துக்கோ ஒரு ஆளின் தலைக்கோ பின்னால் மறையுங்கள். விளக்கு மறைந்தால் கோஸ்டும் மறையும், விளக்கின் ஒளி மட்டும் காட்சியில் இருக்கும். பல சமயம் படமே அப்படித்தான் அழகாக வரும்.

விளக்கு படத்துக்கு வெளியே இருந்து தொல்லை தருவது தனி. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று எடுக்கும்போது பக்கவாட்டில் வரும் கண்டெய்னர் லாரியின் ஹெட்லைட் படத்துக்குள் வராமலே படத்தை வெளுக்க வைக்கும். அங்கேதான் லென்ஸ் ஹூட் உதவும். மொபைலுக்கு உள்ளங்கையே ஹூட். கையை லென்ஸுக்குப் பக்கத்தில் நீட்டி, அதன் நிழல் கேமரா கண்ணாடியின் மேல் விழும்வரை நகர்த்துங்கள், விரல் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு படத்துக்கு உள்ளேயே இருந்தால் ஹூடால் ஒரு பயனும் இல்லை.

எக்ஸ்போஷரைக் குறைத்தால் கோஸ்ட் போகுமா என்று கேட்பார்கள். விளக்குக்கும் கோஸ்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. ஆனால் கோஸ்டின் வெளிச்சம் கறுப்புக்குள் அமுங்கிவிடும் அளவுக்குக் குறையலாம், அது போதும். பிரச்சினை, மொபைலின் நைட் மோடு இருட்டான இடங்களைத் தூக்கிக் காட்டும். கூடவே கோஸ்டையும் தூக்கிக் காட்டும். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது. அந்த நேரத்தில் கை ஆடினால் மென்பொருள் படகுகளை ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருத்தும், கோஸ்ட் மட்டும் எதிர்த்திசையில் ஓடுவதால் பொருந்தாமல் புழுப்போல நீண்டுவிடும். பச்சைப் புள்ளிக்குப் பதில் பச்சைக் கீற்று வந்தால் இதுதான் விஷயம். மொபைலைச் சுவரிலோ ஐஸ் பெட்டியிலோ சாய்த்து அசையாமல் எடுங்கள், அல்லது நைட் மோடை நிறுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள்.

கேமராவில் அப்பர்ச்சரைச் சுருக்கினால், உள்கண்ணாடிகளில் பிறக்கும் வட்டங்கள் சிறிதாகிக் கூர்மையாகும். முழுதாகத் திறந்தால் பரந்து மங்கும். ஃபில்டரால் வரும் தலைகீழ் விளக்குக்கு இதனால் பெரிய மாற்றம் இருக்காது. மேலே சொன்ன தம்பி f/4-க்கும் f/8-க்கும் மாறி மாறி எடுத்துப் பார்த்தும் தீரவில்லை என்று சொன்னதற்குக் காரணம் அதுதான்.

எதுவுமே முடியாத இடத்தில், ஒரே காட்சியை இரண்டு படமாக எடுங்கள். இரண்டாவதில் கேமராவைச் சற்றுத் திருப்பி கோஸ்டை வேறு இடத்துக்குத் தள்ளிவிடுங்கள். பிறகு மொபைல் செயலியிலோ கணினியிலோ முதல் படத்தில் கோஸ்ட் விழுந்த துண்டை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டலாம். மீன்பிடித் தடைக் காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், அப்போது இது எளிது. ஏலக் கூட்டத்தில் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், ஒட்டு தெரிந்துவிடும்.

வாங்கும்போது கடையிலேயே பார்த்துவிடுங்கள்

பர்மா பஜாரிலோ வேறு எங்கேயோ ஃபில்டர் வாங்கினால், பெட்டியில் பல அடுக்குக் கோட்டிங் என்ற பொருளில் 'MC' என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஃபில்டரை ஒரு கறுப்புத் துணி மேலோ கறுப்புப் பை மேலோ பிடித்து, கடை டியூப் லைட் அதில் தெரியும்படி சாய்த்துப் பாருங்கள். டியூப் லைட் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் அதில் கோட்டிங் இல்லை. மங்கலாகப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் இருக்கிறது. கண்ணாடியின் இரண்டு பரப்பிலிருந்தும் இரண்டு பிம்பம் தெரியும். ஒன்று நிறமாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் பூசியிருக்கிறார்கள். கையில் ஏற்கெனவே நல்லதென்று தெரிந்த ஃபில்டர் ஒன்று இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. நல்ல ஃபில்டராக இருந்தாலும் விளக்கு நேரே நிற்கும் இரவுக் காட்சிக்கு முன் கழற்றிவிடுவதுதான் என் வழக்கம், உப்புக் காற்று பலமாக அடித்தால் மட்டும் விதிவிலக்கு.

பழைய லென்ஸ் வாங்கினால் இதே டியூப் லைட்டை முன் கண்ணாடியில் பாருங்கள். பல நிறத்தில், பல அளவில் பிம்பங்கள் வரிசையாக உள்ளே தெரியும். நடுவில் ஏதாவது ஒன்று மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தால் அந்தப் பரப்பில் கோட்டிங் இல்லை அல்லது போய்விட்டது. அப்புறம் கடைக்காரரிடம் கேட்டு, கொஞ்சம் இருட்டான மூலையில் மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமாக அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். அங்கங்கே தூசி தெரிந்தால் கவலையில்லை, எந்த லென்ஸிலும் இருக்கும். பால் படிந்ததுபோல முழுக்க மங்கலாக இருந்தால் இரவில் அந்த லென்ஸ் வெளுத்துத்தான் எடுக்கும், வேண்டாம். சிலந்தி நூல்போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. சென்னை ஈரத்தில் இது சகஜம். வெகுநாள் விட்டால் பூஞ்சை கோட்டிங்கை அரித்துவிடும், அதன் பிறகு சுத்தம் செய்தாலும் தடம் நிற்கும். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த லென்ஸை அது வந்த தோல் உறையிலேயே மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் கிடைத்தால் நல்லது, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். காசிமேட்டிலிருந்து வந்த இரவில் லென்ஸைத் துடைக்காமல் டப்பாவில் வைக்க வேண்டாம், உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளேயே இருந்துவிடும்.